ஒரு துடிப்பை ஈசிஜி தாளில் வாசிப்பது: இதயச் சுழற்சியும் இயல்பான ரிதம் ஸ்ட்ரிப்பும்

ஈசிஜி தாளில் ஓடும் கோட்டைப் பார்த்ததும் “இதயம் இப்படித்தான் துடிக்கிறது” என்று நினைக்கத் தோன்றும். அங்கேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. அந்தக் கோடு காட்டுவது இதயத்தசையில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும்தான். தசை சுருங்கியதா, இரத்தம் வெளியே போனதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாடியே இல்லாத ஒருவரின் மானிட்டரில்கூட ஒழுங்கான அலைகள் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கலாம். அவசரப் பிரிவில் பிஇஏ என்று சொல்வது அந்த நிலையைத்தான்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மின்சாரம் முதலில், தசை அதன் பின்னால், இரத்தம் அதற்கும் பின்னால். இந்த வரிசையும் ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள சின்னத் தாமதமும் புரிந்தால், பிஆர் இடைவெளி, க்யூடி இடைவெளி போன்ற எண்கள் உருப்போட வேண்டியவையாக இல்லாமல் அர்த்தமுள்ளவையாகிவிடும். லீட் என்பது இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பார்வை. இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு லீட், அதாவது லீட் II. அதிலும் இயல்பான சைனஸ் ரிதம் மட்டும், அதாவது இதயத்தின் இயற்கைத் தூண்டுமையமான எஸ்ஏ கணுவிலிருந்து கிளம்பும் வழக்கமான துடிப்பு. நோய்களின் பட்டியல் இதில் இல்லை. இயல்பு எது என்பது கைக்கு வராமல் அந்தப் பட்டியலைத் தொடுவதில் பயனில்லை.

## 0.8 விநாடிக்குள் நடப்பது

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 0.8 விநாடி. அதில் இதயத்தின் கீழறைகளான வென்ட்ரிக்கிள்கள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 விநாடி. மீதி 0.5 விநாடியும் அவை தளர்ந்து நிரம்பும் நேரம். இதயம் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை நிரம்புவதில்தான் கழிக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இடப்பக்கத்தை மட்டும் பின்தொடர்வோம். வலப்பக்கத்திலும் இதே வரிசைதான், அழுத்தம் மட்டும் குறைவு. இட வென்ட்ரிக்கிள் 120 மி.மீ. பாதரசம் வரை எழுப்பும் இடத்தில் வல வென்ட்ரிக்கிள் 25 வரை எழுப்பினால் போதும்.

தளர்ந்த நிலையில் தொடங்கலாம். மேலறையான ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு திறந்திருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் ஏட்ரியம் வழியாகத் தானாகவே வென்ட்ரிக்கிளுக்குள் இறங்குகிறது. பெரும்பங்கு நிரம்புவது இப்படித்தான், யாரும் தள்ளாமலே. கடைசியில் ஏட்ரியம் ஒருமுறை சுருங்கி இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கடைசித் தள்ளலின் பங்கு 20 முதல் 30 சதவீதம். இதன் முடிவில் வென்ட்ரிக்கிளில் இருப்பது சுமார் 120 மி.லி.

அடுத்து வென்ட்ரிக்கிள் இறுக ஆரம்பிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏட்ரியத்தின் அழுத்தத்தைத் தாண்டியதும் மைட்ரல் வால்வு மூடிக்கொள்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் “லப்” இந்த வால்வும் வலப்பக்கத்து மூவிதழ் வால்வும் மூடும் நேரத்து ஒலி. உடலுக்கு இரத்தம் போகும் வாசலான அயோர்ட்டா வால்வோ இன்னும் திறக்கவில்லை, ஏனென்றால் அதற்கு அப்பால் 80 மி.மீ. அழுத்தம் காத்திருக்கிறது. எனவே சுமார் 0.05 விநாடிக்கு இரண்டு கதவும் மூடிய அறைக்குள் தசை இறுகிக்கொண்டிருக்கிறது. இரத்தம் ஒரு சொட்டுகூட நகராது, அழுத்தம் மட்டும் ஏறும். 80-ஐத் தாண்டியதும் அயோர்ட்டா வால்வு திறந்து இரத்தம் பாய்கிறது. சுமார் 70 மி.லி. வெளியேறுகிறது, 50 மி.லி. உள்ளேயே தங்குகிறது. 120-இல் 70 என்றால் ஏறத்தாழ 58 சதவீதம். எக்கோ ரிப்போர்ட்டில் இஎஃப் என்று அச்சாவது இந்த விகிதம்தான்.

தசை தளரத் தொடங்கியதும் வென்ட்ரிக்கிளின் அழுத்தம் அயோர்ட்டாவின் அழுத்தத்துக்குக் கீழே போகிறது. அயோர்ட்டா வால்வு மூடுகிறது. இதுவும் நுரையீரல் தமனி வால்வும் மூடுவதுதான் “டப்”. மறுபடியும் சிறிது நேரம் எல்லா வால்வும் மூடியிருக்க, அழுத்தம் சரிந்து ஏட்ரியத்தின் அழுத்தத்துக்குக் கீழே வந்ததும் மைட்ரல் வால்வு திறந்து அடுத்த நிரப்பல் தொடங்குகிறது.

இந்த முழு நடப்பிலும் வால்வுகளை யாரும் கையால் திறப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மட்டுமே அவற்றை அசைக்கிறது. தேர்வில் எந்த நேரத்தில் எந்த வால்வு திறந்திருக்கும் என்று கேட்டால், இரண்டு பக்க அழுத்தத்தையும் எழுதிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

## மின்சாரம் போகும் பாதை, அது வரையும் அலைகள்

வல ஏட்ரியத்தில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எஸ்ஏ கணு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் தூண்டல் இரண்டு ஏட்ரியங்களிலும் பரவுகிறது. தூண்டல் வந்ததும் ஏட்ரியத் தசையில் நடக்கும் இந்த மின்மாற்றம், அதாவது டீபோலரைசேஷன்தான் பி அலை. எஸ்ஏ கணு தூண்டுவது தனியாகத் தாளில் விழாது. அது மிகச் சின்னத் திசு, அதன் மின்னோட்டம் தோல்வரை வந்து சேர்வதில்லை.

தூண்டல் அடுத்து ஏவி கணுவுக்கு வந்து மெதுவாகிறது. அங்கே வேகம் விநாடிக்கு சுமார் 5 செ.மீ. மட்டுமே. பர்கின்ஜி இழைகளில் அதே தூண்டல் விநாடிக்கு சுமார் 4 மீட்டர் ஓடும். கிட்டத்தட்ட 80 மடங்கு வித்தியாசம். இந்தத் தாமதம் குறையல்ல, தேவை. ஏட்ரியம் தன் கடைசித் தள்ளலை முடிக்கும் முன்பே வென்ட்ரிக்கிள் இறுகிவிட்டால் அந்த 20 முதல் 30 சதவீதம் வீணாகும். பி அலைக்கும் க்யூஆர்எஸ்ஸுக்கும் நடுவே தெரியும் தட்டையான கோடு பெரும்பாலும் இந்தக் காத்திருப்பின் தடம்.

ஏவி கணுவைத் தாண்டியதும் ஹிஸ் கற்றை, இட வலக் கிளைகள், பர்கின்ஜி இழைகள் வழியாகத் தூண்டல் வென்ட்ரிக்கிள் முழுக்க நொடிப்பொழுதில் பரவுகிறது. அது க்யூஆர்எஸ். வென்ட்ரிக்கிள் தசை ஏட்ரியத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அலை உயரம். பரவும் வேகம் அதிகம் என்பதால் அலை ஒல்லி. ஏட்ரியம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதும், அதாவது ரீபோலரைஸ் ஆவதும், ஏறத்தாழ இதே நேரத்தில்தான், ஆனால் இந்தப் பெரிய அலைக்குள் அது மறைந்துபோகிறது.

அடுத்து வென்ட்ரிக்கிளின் ரீபோலரைசேஷன், டி அலை. இங்கே எல்லா மாணவருக்கும் ஒரு கேள்வி வரும், வர வேண்டும். மின்மாற்றம் தலைகீழாகும்போது அலையும் தலைகீழாகத்தானே வர வேண்டும், ஏன் க்யூஆர்எஸ் போலவே மேல்நோக்கி வருகிறது? காரணம், திசையும் மாறிவிடுகிறது. டீபோலரைசேஷன் வென்ட்ரிக்கிள் சுவரின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் போகிறது. ரீபோலரைசேஷனோ வெளிப்புறத்தில் தொடங்கி உட்புறம் நோக்கி வருகிறது. மாற்றமும் எதிர், திசையும் எதிர். இரண்டு எதிர்மறை சேர்ந்து அலையை நிமிர்த்திவிடுகின்றன.

பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளைச் சூட்டியவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த வில்லெம் ஐந்தோவன். ஈசிஜி வேலைக்காக 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய இயந்திரத்தில் நோயாளி இரண்டு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்து உட்கார வேண்டியிருந்தது. இன்றைய லீட் I, II, III ஆகிய மூன்றும் அந்த மூன்று தொட்டிகளின் மிச்சம்தான்.

லீட் II என்பது வலக்கையிலிருந்து இடக்காலை நோக்கிய பார்வை. நேர்முனை இடக்காலில். தூண்டலும் வலமேலிருந்து இடகீழாகத்தான் போகிறது. தன்னை நோக்கி வரும் மின்னோட்டத்தை நேர்முனை மேல்நோக்கிய அலையாக வரையும். அதனால் லீட் II-இல் பி அலை நிமிர்ந்து, தெளிவாக விழும். ரிதம் பார்க்க இந்த லீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

## தாளைப் படிக்கும் முன் தாளைச் சோதிப்பது

அலையைப் பார்க்கும் முன் தாளின் ஓரத்தைப் பாருங்கள். `25 mm/s` என்றும் `10 mm/mV` என்றும் அச்சாகியிருக்க வேண்டும். முதலாவது தாள் ஓடும் வேகம், இரண்டாவது அலையின் உயர அளவு.

இந்த வேகத்தில் 1 மி.மீ. அகலமுள்ள சின்னக் கட்டம் ஒன்று 0.04 விநாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. ஐந்து பெரிய கட்டம் ஒரு விநாடி. உயரத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.1 மில்லிவோல்ட். தாளின் தொடக்கத்திலோ முடிவிலோ செவ்வகமாக ஒரு குறி நிற்கும், அதுதான் கேலிபரேஷன் குறி. அது சரியாக 10 சின்னக் கட்டம் உயரம் இருக்க வேண்டும். ஐந்து கட்டம்தான் இருக்கிறது என்றால் அலைகளெல்லாம் பாதி உயரத்தில் வரையப்பட்டிருக்கின்றன, நோயாளியின் இதயத்தில் கோளாறு தேடக் கூடாது.

வேகம் தவறுதலாக `50 mm/s` ஆகிவிட்டால் விளைவு இன்னும் மோசம். எல்லா அலையும் இரட்டிப்பு அகலமாகத் தெரியும். 80 துடிப்பு 40 என்று கணக்கில் வரும். பிஆர், க்யூஆர்எஸ், க்யூடி மூன்றும் ஒரே விகிதத்தில் நீண்டு, துடிப்பும் சரிபாதியாகத் தெரிந்தால், நாடியைக் கைவிரலால் எண்ணிப் பாருங்கள். விரல் 80 என்று சொன்னால் குற்றவாளி இயந்திரத்தின் பட்டன்.

வயர்களின் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் காண்பது ஐஈசி முறை: வலக்கை சிவப்பு, இடக்கை மஞ்சள், இடக்கால் பச்சை, வலக்கால் கறுப்பு. அமெரிக்க முறையில் வலக்கை வெள்ளை, இடக்கை கறுப்பு, இடக்கால் சிவப்பு, வலக்கால் பச்சை. அமெரிக்கப் பாடப்புத்தகத்தை நம்பி இங்கே வயர் மாட்டினால் சிவப்பு வயர் காலுக்குப் போய்விடும். நிறத்தை மட்டும் நம்பாமல் கிளிப்பிலுள்ள எழுத்தையும் பாருங்கள்.

## வாசிக்கும் வரிசை

ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் ஒரே வரிசையில் வாசிக்க வேண்டும். கண்ணில் பட்ட விசித்திரத்துக்கு நேராகப் பாய்கிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் முக்கியமானதைத் தவற விடுவார்கள்.

1. சீரா? ஒரு துண்டுத் தாளின் விளிம்பை அலைகளுக்குக் கீழே வைத்து, அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு நேரே பென்சிலால் குறியுங்கள். அந்தத் தாளை வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு ஜோடியும் அந்தக் குறிகளில் பொருந்தினால் சீர். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரும் இதற்குப் போதும்.

துல்லியமாகப் பொருந்தாதது எல்லாம் நோயல்ல. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகி, வெளியே விடும்போது மெதுவாகும். இளையவர்களிடம் இது நன்றாகவே தெரியும். நீண்ட ஆர்ஆர் இடைவெளிக்கும் குறுகியதற்கும் 0.12 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சைனஸ் அரித்மியா என்று எழுதுவது வழக்கம். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். பி அலையின் வடிவமும் பிஆர் இடைவெளியும் மாறாமல், மூச்சோடு ஏறி இறங்கினால் அது இயல்பின் ஒரு வகைதான்.

2. எத்தனை? சீராக இருந்தால் இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே உள்ள சின்னக் கட்டங்களை எண்ணி 1500-ஐ அதால் வகுங்கள். 1500 எங்கிருந்து வந்தது? விநாடிக்கு 25 மி.மீ. ஓடும் தாள் 60 விநாடியில் 1500 மி.மீ. ஓடும், அவ்வளவுதான். பெரிய கட்டத்தில் எண்ணினால் 300-ஐ வகுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பெரிய கட்டத்துக்கு முறையே 300, 150, 100, 75, 60 என்று வாய்ப்பாடாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

சீராக இல்லாவிட்டால் இந்த வழி ஏமாற்றும், எந்த ஜோடியை எடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். அப்போது 30 பெரிய கட்டத்தில், அதாவது 6 விநாடியில், எத்தனை க்யூஆர்எஸ் என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். முழு 10 விநாடி ஸ்ட்ரிப் கையில் இருந்தால் எண்ணி ஆறால் பெருக்குவது இன்னும் நல்லது. ஓய்வில் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

3. பி அலை எங்கே? ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் ஒரு பி இருக்கிறதா, ஒவ்வொரு பி-க்கும் பின்னால் ஒரு க்யூஆர்எஸ் வருகிறதா என்று இரண்டு பக்கமாகவும் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், பின்னால் க்யூஆர்எஸ் இல்லாமல் நின்றுபோன பி கண்ணில் படாது. எல்லா பி-யும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும், லீட் II-இல் நிமிர்ந்திருக்க வேண்டும். அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள், உயரம் இரண்டரைக் கட்டத்துக்குள்.

4. பிஆர் இடைவெளி. பி தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை. மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம், அதாவது 0.12 முதல் 0.20 விநாடி. பெயரில் ஆர் இருப்பதால் ஆர் முனை வரை அளப்பதுதான் தொடக்கநிலையினர் அதிகம் செய்யும் தவறு. அப்படி அளந்தால் ஒரு கட்டம் கூடிப்போய், 0.18 இருப்பவருக்கு 0.22 என்று வந்து, ஏவி கணுவில் தூண்டல் அளவுக்கு மீறித் தாமதமாகும் ஏவி பிளாக்கை, இல்லாமலே எழுதிவிடுவீர்கள். நான்கைந்து துடிப்பிலாவது அளந்து, மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. க்யூஆர்எஸ் அகலம். கோடு அடிமட்டத்தை விட்டு விலகும் இடத்திலிருந்து மறுபடி எஸ்டி பகுதியில் சேரும் இடம் வரை. அந்தச் சேருமிடத்துக்கு ஜே புள்ளி என்று பெயர். மூன்று சின்னக் கட்டத்துக்குக் குறைவாக, பெரும்பாலும் இரண்டு கட்டம் அளவில் இருக்கும். க்யூ இல்லாமலோ எஸ் இல்லாமலோ இருந்தாலும் மொத்தத்தை க்யூஆர்எஸ் என்றே சொல்கிறோம்.

6. எஸ்டி, டி, க்யூடி. டி முடிந்து அடுத்த பி தொடங்கும் வரை உள்ள தட்டைக் கோடுதான் அடிமட்டம். எஸ்டி பகுதி அதே மட்டத்தில் ஓட வேண்டும். டி நிமிர்ந்திருக்க வேண்டும். க்யூடி என்பது க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி முடிவு வரை. ஆர்ஆர் இடைவெளியின் பாதிக்குள் அது அடங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் இந்தப் பாதிக்கணக்கு இயல்பான வேகத்தில் மட்டுமே செல்லும். துடிப்பு வேகமானால் இயல்பான க்யூடியும் பாதியைத் தாண்டிவிடும். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் பாஸெட் சூத்திரம்: `QTc = QT ÷ √RR`, இரண்டும் விநாடியில். ஆண்களுக்கு 0.45, பெண்களுக்கு 0.46 விநாடி வரை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

## ஒரு ஸ்ட்ரிப்பை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த லீட் II ஸ்ட்ரிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 10 விநாடி, அதாவது 250 சின்னக் கட்டம். வேகமும் கேலிபரேஷன் குறியும் சரி. அதில் 12 க்யூஆர்எஸ் இருக்கின்றன. நடுவில் உள்ள 11 இடைவெளிகளும் சின்னக் கட்டக் கணக்கில் 21, 22, 21, 20, 20, 21, 22, 22, 21, 20, 21.

மிக நீண்டது 22, மிகக் குறுகியது 20. வித்தியாசம் இரண்டு கட்டம், 0.08 விநாடி. மூச்சோடு வரும் சின்ன அசைவு, 0.12-ஐத் தொடவில்லை. சீர் என்றே எழுதலாம்.

மொத்தம் கூட்டினால் 231, சராசரி 21 கட்டம். 1500 ÷ 21 = 71. எண்ணும் முறையில் 12 × 6 = 72. இரண்டும் ஒத்துப்போகின்றன. இப்படி இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெரிதாக வேறுபட்டால் கட்டம் எண்ணியதில் பிழை, இல்லையென்றால் ரிதம் சீராக இல்லை.

பி அலைகள் நிமிர்ந்தவை, ஒரே வடிவம், ஒவ்வொன்றும் இரண்டு கட்டம் அகலம், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு க்யூஆர்எஸ். பிஆர் நான்கு கட்டம், 0.16 விநாடி, எல்லாத் துடிப்பிலும் அதே. க்யூஆர்எஸ் இரண்டு கட்டம், 0.08 விநாடி. எஸ்டி அடிமட்டத்தில். டி நிமிர்ந்திருக்கிறது. க்யூடி ஒன்பது கட்டம், 0.36 விநாடி. ஆர்ஆர் 0.84 விநாடி என்பதால் அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.917, எனவே க்யூடிசி 0.39.

எழுத வேண்டியது: “லீட் II, 25 மி.மீ./விநாடி. ரிதம் சீர், துடிப்பு 71, பிஆர் 0.16, க்யூஆர்எஸ் 0.08, க்யூடி 0.36, க்யூடிசி 0.39. இயல்பான சைனஸ் ரிதம்.” முடிவு கடைசியில்தான் வர வேண்டும். முடிவை முதலில் எழுதிவிட்டால் பின்னால் அளக்கும் எண்களும் அதற்கேற்றாற்போல் வளைந்துகொடுக்கும்.

## அதே துடிப்பின் மேல் தசையையும் இரத்தத்தையும் வைப்பது

இனி இந்த 0.84 விநாடியில் உள்ளே என்ன நடந்தது என்று அதே கட்டங்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். பி தொடங்கும் இடத்தைப் பூஜ்யம் என்று கொள்வோம். கீழே வரும் இயந்திர நேரங்கள் தோராயமானவை. ஆளுக்கு ஆள் சற்று மாறும், வரிசை மாறாது.

பி அலை 0-இல் தொடங்கி 0.08-இல் முடிகிறது. ஏட்ரியம் சுருங்கத் தொடங்குவது அந்த அலை ஏறத் தொடங்கிச் சற்றுக் கழித்துத்தான். தாளில் தட்டையாகத் தெரியும் 0.08 முதல் 0.16 வரையான பகுதியில் உண்மையில் ஏட்ரியம் மும்முரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. தட்டைக் கோடு என்றால் ஓய்வு என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

0.16-இல் க்யூஆர்எஸ் தொடங்குகிறது. அது முடியுமுன்பே வென்ட்ரிக்கிளின் அழுத்தம் ஏறத் தொடங்கி மைட்ரல் வால்வு மூடுகிறது, “லப்”. கதவுகள் மூடிய நிலையில் இறுகும் அந்த 0.05 விநாடியும் கழிந்து, ஜே புள்ளியை ஒட்டி, ஏறத்தாழ 0.25-இல் அயோர்ட்டா வால்வு திறக்கிறது. கவனியுங்கள்: தாளில் மிகப் பெரிய அலை எழும்பிய நேரத்தில் இதயத்திலிருந்து இரத்தம் இன்னும் வெளியேறவே இல்லை. மணிக்கட்டில் விரலுக்கு வரும் நாடி அதற்கும் பிந்தியது, இரத்த அலை கைவரை பயணித்து வர வேண்டுமல்லவா.

இரத்தம் பாய்வது எஸ்டி பகுதியிலும் டி அலையிலும். டி தொடங்கும்போதும் வென்ட்ரிக்கிள் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. தசை தளர்வதற்கான மின்மாற்றம்தான் அங்கே தொடங்குகிறது, தளர்வு பிறகு வரும். 0.52-இல் டி முடிகிறது. அதை ஒட்டி அயோர்ட்டா வால்வு மூடி “டப்” கேட்கிறது. இன்னொரு 0.08 விநாடி எல்லாக் கதவும் மூடியிருக்க, சுமார் 0.60-இல் மைட்ரல் வால்வு திறக்கிறது.

0.60-லிருந்து அடுத்த பி வரும் 0.84 வரை தாளில் வெறும் கோடு. இதயமோ அந்த நேரத்தில்தான் பெரும்பங்கு இரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. இதயத்தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் கரோனரித் தமனிகளில், குறிப்பாக இட வென்ட்ரிக்கிளுக்கான ஓட்டம் அதிகமாக நடப்பதும் இந்தத் தளர்ந்த நேரத்தில்தான்.

இப்போது துடிப்பு 150 ஆனால் என்ன ஆகும்? ஆர்ஆர் 0.4 விநாடிதான். க்யூஆர்எஸ்ஸும் டி-யும் கொஞ்சம்தான் சுருங்கும், அவற்றால் பாதியாக முடியாது. அடிவாங்குவது டி-க்கும் பி-க்கும் நடுவே இருந்த வெற்றுக்கோடு. அது மறைந்துபோய் பி அலை டி-யின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். தாளில் இடம் போனது என்றால் இதயத்தில் நிரம்பும் நேரம் போனது என்று பொருள். மிக வேகமான துடிப்பில் இரத்த அழுத்தம் ஏன் சரிகிறது என்பதற்கு விடை இந்த வெற்றுக்கோட்டில்தான் இருக்கிறது.

## தாள் பொய் சொல்லும் இடங்கள்

கோடு முழுக்க மயிர் முளைத்தது போலத் தடிமனாக, ஒரே சீரான நெளிவோடு இருந்தால் அது மின்சாரக் குறுக்கீடு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நெளிவு விழும். உலர்ந்த ஜெல், தளர்ந்த கிளிப், பக்கத்தில் ஓடும் வேறு கருவியின் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒழுங்கில்லாத, சொரசொரப்பான நெளிவு என்றால் தசை நடுக்கம். பெரும்பாலும் ஏசி குளிர்தான் காரணம். ஒரு போர்வை போர்த்தினால் பாதி சரியாகிவிடும். கோடு முழுதாக மெல்ல ஏறி இறங்கினால் மூச்சசைவோ சரியாக ஒட்டாத எலக்ட்ரோடோ காரணம். அந்தத் தாளில் எஸ்டி மட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள்.

பயமுறுத்தும் போலி ஒன்று உண்டு. நோயாளி பல் தேய்த்தாலோ கை நடுங்கினாலோ மானிட்டரில் வென்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் ஆபத்தான அதிவேகத் துடிப்பான வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா போலவே பெரிய அலைகள் ஓடும். முதலில் ஆளைப் பாருங்கள், நாடியைத் தொடுங்கள். அவர் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் குழப்பத்துக்குள் கூரான க்யூஆர்எஸ் முனைகள் பழைய இடைவெளியிலேயே எட்டிப்பார்க்கின்றனவா என்று தாள் விளிம்பை வைத்துத் தேடுங்கள். எட்டிப்பார்த்தால் அது போலி. ஆள் பதில் சொல்லவில்லை, நாடியும் இல்லை என்றால் தாளை ஆராய நேரமில்லை, உதவிக்குக் குரல் கொடுத்துச் சிபிஆர் தொடங்க வேண்டும்.

டி அலை உயரமாக இருக்கும்போது மானிட்டர் அதையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடும். திரையில் 140, விரலுக்கு 70 என்று சரியாக இரட்டிப்பாக இருந்தால் இதுதான். லீட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லீட் II-இல் பி, க்யூஆர்எஸ், டி எல்லாமே கவிழ்ந்திருந்தால் வலக்கை வயரும் இடக்கால் வயரும் இடம் மாறியிருக்கலாம். இரண்டு கை வயர்களும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலோ கண்டுபிடிப்பது கடினம். லீட் II என்று அச்சாவது உண்மையில் லீட் III ஆக இருக்கும், பார்க்க ஏறத்தாழ இயல்பாகவே தோன்றும். லீட் I-ஐயும் எடுத்துப் பாருங்கள், அதில் பி-யும் க்யூஆர்எஸ்ஸும் தலைகீழாக இருந்தால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, ஒற்றை லீட் ஸ்ட்ரிப்பின் எல்லை. அது ரிதத்தைச் சொல்லும், மாரடைப்பு இல்லை என்று சொல்லாது. மானிட்டர் பயன்முறையில் இயந்திரம் கோட்டை அழகாக்குவதற்காக வடிகட்டி போடுகிறது, அந்த வடிகட்டியே எஸ்டி மட்டத்தை மாற்றிவிடக்கூடும். நெஞ்சுவலியோடு வந்தவரின் ஸ்ட்ரிப்பில் “இயல்பான சைனஸ் ரிதம்” என்று எழுதினாலும், உடனே 12 லீட் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.